த்ரெட்டை முழுதாக அழிப்பது எப்படி, கோட் ட்வீட்டில் என்ன மிஞ்சும்?

கேள்வி: "ட்விட்டரில் 14 ட்வீட் கொண்ட ஒரு த்ரெட் போட்டிருந்தேன். அதில் சொன்ன ஒரு தகவல் தவறு என்று பிறகுதான் தெரிந்தது. முதல் ட்வீட்டை டெலிட் செய்தேன், மற்றவை போகவில்லை. மொத்தத்தையும் எப்படி அழிப்பது? கோட் செய்தவர்கள் பக்கத்தில் என் வரிகள் அப்படியே இருக்குமா?"

பல வருடங்களாக ஒரு செய்தித்தளத்தின் சமூக ஊடகக் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். போட்டதை எடுக்க வேண்டிய நிலைமை எங்களுக்கு அடிக்கடி வரும் என்பதால் இந்த விஷயத்தில் ஓரளவு பழக்கம் உண்டு. முதலில் ஏன் மற்ற 13 ட்வீட்டும் போகவில்லை என்று பார்ப்போம். அது புரிந்தால் கோட் பற்றிய கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

நம் கண்ணுக்கு த்ரெட் ஒரே கட்டுரை மாதிரி தெரிகிறது. எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டர் தளத்துக்கு அப்படி ஒரு பொருளே கிடையாது. அங்கே இருப்பவை 14 தனித்தனி ட்வீட்கள். இரண்டாவது ட்வீட் முதலாவதற்கு நீங்களே எழுதிய பதில், மூன்றாவது இரண்டாவதற்கு எழுதிய பதில், இப்படியே கடைசிவரை. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஓர் எண், சொந்தமாக ஒரு முகவரி. தன் முன்னோடியின் எண் எது, உரையாடலின் முதல் ட்வீட்டின் எண் எது என்ற இரண்டு குறிப்பையும் ஒவ்வொரு ட்வீட்டும் தன்னோடு வைத்திருக்கிறது. முதலாவதை நீக்கினால் அந்த ஓர் ட்வீட் மட்டும்தான் போகும். இரண்டாவது ட்வீட், இல்லாமல் போன ஒன்றைச் சுட்டியபடி அங்கேயே நிற்கும். அதைத் திறந்து பார்ப்பவருக்கு மேலே, எழுதியவரே இந்தப் பதிவை நீக்கிவிட்டார் என்கிற மாதிரி ஒரு சாம்பல் பெட்டியும் கீழே மீதி த்ரெட்டும் தெரியும். மொத்த த்ரெட்டையும் ஒரே அழுத்தில் நீக்கும் பொத்தான் எக்ஸில் இல்லை. ஒவ்வொன்றாகத்தான் நீக்க வேண்டும்.

இதில் உங்களைப் போன்ற நிலைமையில் நடப்பது கொஞ்சம் விபரீதமானது. தவறான தகவல் ஆறாவது ட்வீட்டில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் ட்வீட்டை 20 பேரும் ஆறாவதை 3 பேரும் கோட் செய்திருக்கிறார்கள். நீங்கள் முதலாவதை நீக்கியதும் அந்த 20 பேரின் பக்கத்திலும் உங்கள் பெட்டி வெறுமையாகிவிடும். ஆறாவதைக் கோட் செய்த 3 பேரின் பக்கத்தில் ஒன்றுமே மாறாது. தவறான வரி முழுதாக அங்கே இருக்கும். அதைத் தொட்டு உள்ளே வருபவருக்கு, எதைப் பற்றிய த்ரெட் இது என்று சொல்லும் முதல் ட்வீட் மட்டும் இருக்காது. பிழை தங்கிவிட்டது, விளக்கம் போய்விட்டது. ஆகவே இப்போது நேரத்தோடு போட்டி என்றால், முதலில் நீக்க வேண்டியது அந்த ஆறாவது ட்வீட். மற்றதெல்லாம் பிறகு.

அதைவிட அவசரம் என்றால் கணக்கைப் பூட்டலாம். Settings பகுதியில் Privacy and safety, அதற்குள் Audience, media and tagging, அங்கே Protect your posts என்று இருக்கும். (இந்தப் பெயர்களை அவர்கள் அவ்வப்போது மாற்றுவார்கள். உங்கள் திரையில் வேறு மாதிரி இருந்தால் அதே அர்த்தத்தில் உள்ளதைத் தேடுங்கள்.) பூட்டியதும், உங்களைப் பின்தொடராத எவருக்கும் பழைய ட்வீட்களும் தெரியாது, கோட் பெட்டிக்குள்ளும் தெரியாது. பின்தொடர்பவர்களுக்குத் தெரியும். பூட்டைத் திறந்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். எனவே இது ஒவ்வொன்றாக நீக்கி முடிக்கும் வரைக்குமான தற்காலிக மறைப்புதான்.

நீக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இரண்டு. த்ரெட்டின் நகலை உங்களுக்காக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீக்கிய ட்வீட்டை மீட்க வழி கிடையாது. பிறகு ஒருநாள் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று நீங்களே வாதாட வேண்டி வந்தால் அந்த நகல்தான் கைகொடுக்கும். அடுத்தது, மீதியுள்ள ஒவ்வொரு ட்வீட்டையும் யார் யார் கோட் செய்திருக்கிறார்கள் என்ற பட்டியல். ட்வீட்டைத் திறந்தால் அதன் மெனுவில் கோட்களைப் பார்க்க வழி இருக்கும். ட்வீட் போனபின் அந்தப் பக்கமும் போய்விடும். பலர் இதை மறந்துவிட்டு, நீக்கியபின் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நிற்பார்கள்.

நீக்கும் வரிசை எப்படி? ஆறாவதை எடுத்தபின், கடைசியிலிருந்து மேல்நோக்கி வாருங்கள் என்பது என் யோசனை. காரணம் சாதாரணமானது. மேலே ஒரு ட்வீட் மிஞ்சியிருக்கும் வரை அதைத் திறந்தால் கீழே உள்ளவை வரிசையாகத் தெரியும், அதுதான் உங்கள் கைப்பிடி. மேலிருந்து நீக்கிக்கொண்டே வந்தால் ஒவ்வொரு முறையும் அடுத்த துண்டைத் தேட வேண்டும். ப்ரொஃபைல் பக்கத்தில் முதல் ட்வீட் இல்லாத துண்டுகள் பெரும்பாலும் Replies பகுதிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஆனால் நடுவிலிருந்து ஆறாவதை எடுத்துவிட்டால் சங்கிலி அங்கே ஒரு பெட்டியோடு அறுந்து தெரியும். 5-க்குக் கீழே 7 ஒழுங்காக வராமலும் போகலாம். ஆகவே ஆறாவதைத் தொடுவதற்கு முன்னாலேயே எல்லாத் துண்டுகளின் முகவரியையும் ஒரு கோப்பில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். 13 முகவரி, பெரிய வேலை இல்லை.

ஏற்கெனவே துண்டுகள் சிதறிவிட்டன, எது எங்கே என்று தெரியவில்லை என்றால் தேடல் பெட்டியில் இப்படிக் கேட்கலாம்:

```
from:உங்கள்_பயனர்பெயர் conversation_id:முதல்_ட்வீட்டின்_எண்
```

முதல் ட்வீட் போய்விட்டாலும் அதன் எண் மற்ற 13-இலும் உரையாடலின் அடையாளமாகப் பதிந்திருக்கிறது என்று மேலே சொன்னேன், அதனால்தான் இந்தத் தேடலுக்கு அர்த்தம் இருக்கிறது. நீக்கிய ட்வீட்டின் எண் எங்கே கிடைக்கும்? உங்கள் ப்ரௌசர் ஹிஸ்டரியில் பாருங்கள். ட்வீட்டின் முகவரியில் status/ என்பதற்குப் பின்னால் வரும் நீண்ட எண்தான் அது. அங்கே இல்லையென்றால், அந்த ட்வீட்டின் சுட்டியை நண்பர் யாருக்காவது அனுப்பியிருந்தால் அந்தச் செய்தியிலும் இருக்கும். இந்தத் தேடலில் இன்னொரு லாபம், த்ரெட்டுக்குக் கீழே மற்றவர்களுக்கு நீங்கள் சொன்ன பதில்களும் வந்துவிடும். "ஆமாம், நான் சொன்னது சரிதான்" என்று யாருக்கோ அடித்துச் சொல்லியிருப்பீர்கள். அது த்ரெட்டில் சேராது, ஆனால் அதே தவறான தகவலைத் தாங்கிக்கொண்டு நிற்கும்.

எக்ஸின் தேடல் எல்லாவற்றையும் காட்டும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய ட்வீட்கள் அதில் விடுபடுவது உண்டு. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் Settings-இல் Download an archive of your data என்பதைக் கேளுங்கள். கோப்பு தயாராக ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். வந்ததும் விரித்தால் data என்ற அடைவுக்குள் tweets.js இருக்கும். அதைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்து, த்ரெட்டில் உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு சொல்லைத் தேடுங்கள். அந்த ட்வீட்டின் in_reply_to_status_id_str என்ற இடத்தில் இருப்பது அதற்கு முந்தைய ட்வீட்டின் எண். அதைத் தேடினால் முந்தையது, அதிலிருந்து அதற்கும் முந்தையது. கீழ்நோக்கிப் போக, கையில் உள்ள ட்வீட்டின் எண்ணையே தேடுங்கள். எது அதை முன்னோடியாகச் சுட்டுகிறதோ அதுதான் அடுத்த துண்டு. இரண்டாவது ட்வீட்டுக்கு வந்து சேர்ந்தால், நீக்கிப்போன முதலாவதின் எண்ணும் அங்கே காத்திருக்கும்.

மொத்தமாக நீக்கித் தரும் வெளிச் செயலிகள் இருக்கின்றன. நூற்றுக்கணக்கில் அழிக்க வேண்டியவர்களுக்கு அவை பயன்படலாம். 13 ட்வீட்டுக்காக உங்கள் கணக்கில் எழுதவும் அழிக்கவும் அனுமதியை ஒரு மூன்றாம் நபருக்குக் கொடுக்க வேண்டாம் என்பேன். தேதியை வைத்துச் சலிக்கும்போது பக்கத்தில் இருந்த நல்ல ட்வீட்களும் சேர்ந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது கோட் பற்றிய கேள்வி. பதில் சுருக்கமாக: உங்கள் வரிகள் இருக்காது, உங்கள் முகவரி இருக்கும். 2015 ஏப்ரலுக்கு முன்பு ஒருவர் உங்களை மேற்கோள் காட்ட வேண்டுமென்றால் RT என்று போட்டு உங்கள் பெயரையும் வரிகளையும் தன் ட்வீட்டுக்குள் நகலெடுத்து ஒட்டுவார். அது உண்மையிலேயே நகல். நீங்கள் அழித்தாலும் அது அசையாது. அந்த ஏப்ரலில் இப்போதைய கோட் வசதி வந்தபின் நிலைமை வேறு. கோட் ட்வீட்டில் அவர் எழுதிய கருத்தும் உங்கள் ட்வீட்டின் சுட்டியும் மட்டும்தான் இருக்கின்றன. பெட்டிக்குள் தெரியும் உங்கள் வரிகள், பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் கணக்கிலிருந்து எடுத்து வந்து காட்டப்படுபவை. மூலம் போனதும் பெட்டி வெறுமையாகிவிடும். கோட் இல்லாத வெறும் ரீட்வீட்டுகள் இன்னும் சுலபம். அவற்றுக்குச் சொந்த உடலே இல்லாததால் மூலத்தோடு சேர்ந்து மறைந்துவிடும்.

ஆனால் கோட் செய்தவரின் கருத்து அவருடைய ட்வீட். அது அப்படியே இருக்கும். "இதைவிட அபத்தம் வேறு இல்லை" என்று எழுதியிருந்தால், எது அபத்தம் என்று தெரியாத வெறும் பெட்டிக்கு மேலே அந்த வாக்கியம் நிற்கும். உங்கள் வரியை அவர் தன் கருத்துக்குள்ளேயே எடுத்து எழுதியிருந்தால் அந்த வரியும் இருக்கும். உங்கள் த்ரெட்டுக்குக் கீழே பதில் சொன்னவர்களின் ட்வீட்களும் அவரவர் கணக்கில் இருக்கும், உங்கள் பெயரைச் சுமந்தபடி. எக்ஸில் மற்றவரின் கோட்டிலிருந்து உங்களைக் கழற்றிக்கொள்ளும் வசதி கிடையாது. எக்ஸைப் போன்ற இன்னொரு தளமான ப்ளூஸ்கையில் 2024 ஆகஸ்டிலிருந்து அது உண்டு. அங்கே பதிவை நீக்காமலேயே குறிப்பிட்ட ஒருவரின் கோட்டிலிருந்து மட்டும் உங்கள் பதிவைப் பிரித்துவிடலாம்.

முகவரி இருக்கும் என்றேனே, அது கொஞ்சம் கவனிக்க வேண்டியது. வெறும் பெட்டியைத் தாண்டி, கோட் ட்வீட்டின் தரவுக்குள் உங்கள் பயனர்பெயரும் ட்வீட்டின் எண்ணும் சுட்டியாக இருக்கின்றன. அந்த எண் வெறும் வரிசை எண் அல்ல. ட்வீட் போட்ட நேரம் மில்லிவினாடி துல்லியத்தில் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த நேரத்தைப் பார்க்க ப்ரௌசரின் கன்சோலில் இந்த ஒரு வரி போதும்:

```
new Date(Number((BigInt("ட்வீட்_எண்") >> 22n) + 1288834974657n))
```

ட்விட்டர் 2010 நவம்பரில் இந்த எண் முறைக்கு மாறியது. அதற்குப் பிந்தைய எல்லா ட்வீட்டுக்கும் இது பொருந்தும். ஆக, நீங்கள் நீக்கிய ட்வீட் எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்பதை யாரும் கண்டுபிடிக்கலாம். அதே சுட்டியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் போட்டுப் பார்த்து, யாராவது அங்கே சேமித்திருந்தால் வரிகளையும் படிக்கலாம். பத்திரிகையாளர்கள் நீக்கப்பட்ட ட்வீட்களைத் தேடும் முதல் வழியே இதுதான். உங்கள் ட்வீட் அங்கே இருக்கிறதா என்று நீங்களும் அதே வழியில் பார்த்துக்கொள்ளலாம். 14 முகவரியையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், ஒன்று சேமிக்கப்பட்டிருந்தால் மற்றவையும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இருந்தால், நீக்கும்படி அதை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு மின்னஞ்சல் எழுதலாம். முடிவு அவர்கள் கையில்.

உண்மையான நகல்கள் என்று பார்த்தால் மூன்று வகை. ஸ்க்ரீன்ஷாட்தான் பெரியது, அதற்கு மருந்து இல்லை. விவரம் தெரிந்தவர்கள் கோட் செய்யும்போதே ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்துப் போடுவது, நீங்கள் நீக்குவீர்கள் என்று எதிர்பார்த்துத்தான். அவரிடம் கேட்டுப் பார்க்கலாம். படத்தில் உங்கள் தொலைபேசி எண், வீட்டு முகவரி போன்றவை இருந்தால் மட்டும் தளத்திடம் புகார் செய்ய வலுவான காரணம் உண்டு. தவறாகச் சொன்ன ஒரு தகவல் படமாக உலவுகிறது என்பது அவர்களுக்குக் காரணமே ஆகாது. சட்ட வழியில் ஏதாவது செய்ய முடியுமா என்பது வக்கீலிடம் கேட்க வேண்டியது, என் எல்லைக்குள் வராது.

அடுத்தது, இணையதளங்களில் பொதிந்துவைக்கப்பட்ட ட்வீட். செய்திக் கட்டுரைக்குள் உங்கள் ட்வீட்டைப் பெட்டியாகப் போடும்போது, அந்தத் தளம் ஒட்டும் குறியீட்டில் உங்கள் வரிகள் சாதாரண உரையாகவே இருக்கும். எக்ஸின் நிரல் வந்து அதைத்தான் அழகான அட்டையாக மாற்றுகிறது. ட்வீட் போய்விட்டால் அட்டை வராது, உரை மட்டும் மேற்கோள் பத்தியாக அங்கேயே நிற்கும். 2022-இல் ட்விட்டர் இதை மாற்றி, நீக்கப்பட்ட ட்வீட் இருந்த இடத்தில் வெற்றுப் பெட்டியைக் காட்டத் தொடங்கியது. பழைய செய்திகளில் ஓட்டை விழுகிறது என்று எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கிவிட்டது. ஆகவே கோட்டில் மறைவது கட்டுரையில் மறையாது. கட்டுரையை எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும். ட்வீட்டில் படம் இருந்திருந்தால் அந்தப் படம் இப்படி மிஞ்சாது, அதற்கான சுட்டி மட்டும் இருக்கும்.

மூன்றாவது, த்ரெட்டை ஒரே பக்கமாகக் கோத்துத் தரும் சேவைகள். யாராவது ஒருவர் உங்கள் த்ரெட்டுக்குக் கீழே அந்தச் சேவையின் தானியங்கிக் கணக்கை அழைத்திருந்தால் 14 ட்வீட்டும் வேறொரு தளத்தில் கட்டுரையாகக் கிடக்கும், முதலாவதும் சேர்த்து. பதில்களில் அப்படி ஒரு அழைப்பு இருந்ததா என்று பாருங்கள். எழுதியவர் கேட்டால் எடுத்துவிடுவது இவர்களிடம் வழக்கம். எக்ஸின் டெவலப்பர் விதிகளும், நீக்கப்பட்ட பதிவை வெளிச்சேவைகள் நீக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. விதி இருப்பதும் நடப்பதும் வேறு வேறு, கேட்டால்தான் நகரும்.

கூகிள் தேடலில் பழைய வரி தொடர்ந்து தெரிந்தால் பதற வேண்டாம். அது அடுத்த முறை அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது தானாகப் போகும். காத்திருக்க முடியாவிட்டால் Refresh Outdated Content என்ற அவர்களுடைய பக்கத்தில் முகவரியைக் கொடுக்கலாம். எல்லாம் போய்விட்டதா என்று சோதிக்க உங்கள் போனில் உள்ள செயலியை நம்ப வேண்டாம், அது பழைய நினைவிலிருந்து காட்டும். வேறொரு கணக்கில் நுழைந்து 14 முகவரியையும் திறந்து பாருங்கள். ட்வீட்டில் படம் போட்டிருந்தால், படத்தின் நேரடி முகவரி தெரிந்தவருக்கு அது இன்னும் கொஞ்ச காலம் திறக்கக்கூடும். எவ்வளவு காலம் என்பது அவர்களுடைய சர்வர்களைப் பொறுத்தது, வெளியிலிருந்து யாரும் உறுதி சொல்ல முடியாது.

கடைசியாக, தவறான தகவல் என்பதால் ஒரு வார்த்தை. திருத்தத்தை உங்கள் பக்கத்தில் போட்டால் அது உங்கள் பக்கத்துக்கு வருபவர்களுக்குத்தான் தெரியும். ஆறாவதைக் கோட் செய்த அந்த 3 பேரின் வழியாகப் படித்தவர்கள் உங்கள் பக்கத்துக்கு வர மாட்டார்கள், வந்தாலும் அங்கே த்ரெட் இல்லை. முன்பே எடுத்துவைத்த பட்டியலை வைத்து, அந்த கோட் ட்வீட் ஒவ்வொன்றுக்கும் கீழே போய், "இந்தத் தகவல் தவறு, சரியானது இது, அதனால் நீக்கிவிட்டேன்" என்று ஒரு பதில் போடுங்கள். வெறும் பெட்டியைப் பார்த்து "ஏன் அழித்தார்?" என்று கேட்பவர் முதலில் பார்ப்பது அந்தப் பதிலைத்தான். ஆறாவதை நீக்குவதற்கு முன்பே அவர்களுக்கு எழுதிவிட்டால் இன்னும் நல்லது, தாங்களே எடுத்துவிடக்கூடும். முதலாவதைக் கோட் செய்த 20 பேரின் பட்டியல் இப்போது எளிதாகக் கிடைக்காது. உங்கள் Notifications-இல் கீழே போய்ப் பார்த்து, நினைவிருப்பவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள்.